ஈயத் தடிமனுக்கு லாகரிதம் வேண்டாம், பாதி போட்டு எண்ணினால் போதும்

கதிர்வீச்சு அளவு வேண்டிய அளவுக்கு இறங்கும்வரை இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள். எத்தனை தடவை வகுத்தீர்களோ, அத்தனை அரைமதிப்புத் தடிமன், அதாவது கதிரைப் பாதியாக்கும் தடிமன், ஈயம் வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கம் சிமென்ட் ஆலைகளில் மட்டம் பார்க்க வைக்கும் சீசியம்-137 சோர்ஸையே எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டரில் மணிக்கு 640 மைக்ரோசீவர்ட் இருக்கிறது, 10-க்கு இறக்க வேண்டும் என்றால் 320, 160, 80, 40, 20, 10: ஆறு பாதி. ஒவ்வொன்றுக்கும் 6.5 மி.மீ. என்றால் 39 மி.மீ. ஈயம். 50 மி.மீ. செங்கல் ஒரு வரிசை தாராளம்.

காமா கதிர் ஈயத்தில் குறிப்பிட்ட தூரம் போய் நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு அடுக்கும் தன்னிடம் வந்துசேர்ந்ததில் ஒரே பங்கைத்தான் குறைக்கிறது. அதனால்தான் இந்த எண்ணிக்கை சரியாக வருகிறது.

பாடப்புத்தகத்தில் 5.5 மி.மீ. என்று இருக்குமே? அது குறுகிய கற்றைக்கு. ஈயத்துக்குள் சிதறி வெளியே வரும் கதிர் அதில் சேராது. அதை நம்பி 33 மி.மீ. வைத்தால் மீட்டர் 20-ஐ ஒட்டிக் காட்டும்.

கோபால்ட்-60 என்றால் ஒரு பாதிக்கே சுமார் 12 மி.மீ. நியூட்ரான் சோர்ஸுக்கு இந்தக் கணக்கு உதவாது. செங்கல் இடுக்கில் கசிவதும் இதில் வராது, அதற்கு சர்வே மீட்டரைக் கையில் எடுத்துச் சுற்றிவர வேண்டியதுதான்.