ஃப்ரிட்ஜில் லைட்டும் இல்லை, சத்தமும் இல்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

முதல் தவறு, பார்த்த உடனே "கம்ப்ரஸர் போச்சு" என்று முடிவு கட்டுவது. கம்ப்ரஸர் போனால் குளிர்ச்சிதான் போகும், கதவைத் திறந்தால் லைட் எரியும். லைட், சத்தம் இரண்டும் சேர்ந்து செத்திருந்தால் பெரும்பாலும் ஃப்ரிட்ஜுக்குக் கரண்டே வரவில்லை.

அடுத்து, டெஸ்டரை ப்ளக் பாயின்ட்டில் வைத்து, அது எரிந்ததும் "கரண்ட் வருது" என்று சொல்லிவிடுவது. டெஸ்டர் ஃபேஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும். நியூட்ரல் வயர் விட்டுப்போயிருந்தாலும் அது ஜோராக எரியும், ஆனால் அந்த பாயின்ட்டில் எதுவும் ஓடாது. அதனால் மிக்ஸியையோ டேபிள் ஃபேனையோ அதே பாயின்ட்டில் செருகி ஓட்டிப் பாருங்கள். ஓடினால் பாயின்ட் சரி. செல்போன் சார்ஜர் இதற்கு உதவாது, அது இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால் லூஸ் கனெக்‌ஷன் இருந்தாலும் சார்ஜ் ஏறும்.

நடுவில் ஸ்டெபிலைசர் இருந்தால் அதையும் பாருங்கள். வோல்டேஜ் ரொம்பக் குறைந்தாலோ கூடினாலோ பல மாடல்கள் தாங்களாகவே கட் செய்துவிடும், கரண்ட் திரும்பிய பிறகும் சில நிமிஷம் கழித்துத்தான் விடும். அந்த இடைவெளியில் சுவிட்சை மாற்றி மாற்றித் தட்டினால் அது மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும், நீங்களும் காத்துக்கொண்டே இருப்பீர்கள்.

அப்புறம் ப்ளக். சுவிட்சை அணைத்துவிட்டு உருவி, பின்களைப் பாருங்கள். ஒரு பின்னின் அடியில் பிளாஸ்டிக் பழுப்பாகி லேசாகக் கருகல் வாடை வந்தால் அங்கேதான் லூஸ். ப்ளக்கை மட்டும் மாற்றிவிட்டுச் சாக்கெட்டை விட்டுவிடுகிறார்கள், தளர்ந்துபோன சாக்கெட் புது ப்ளக்கையும் கருக்கிவிடும், இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

பழைய வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் போயிருக்கலாம். திரும்பப் போகாமல் இருக்கட்டும் என்று தடிமனான கம்பியைக் கட்டுவது ஆபத்து, ஃபியூஸுக்குப் பதில் சுவருக்குள் இருக்கும் வயர் எரியும். எம்சிபி இருந்தால், ட்ரிப் ஆன லிவர் பாதியில் நிற்கலாம், அதை முழுசாகக் கீழே இறக்கிவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். திரும்ப விழுந்தால் ஃப்ரிட்ஜ் ப்ளக்கை உருவிவிட்டு ஒருமுறை ஏற்றுங்கள். விழாமல் நின்றால் கோளாறு ஃப்ரிட்ஜில் அல்லது அதன் வயரில், அப்போதும் விழுந்தால் வீட்டு வயரிங்கில் அல்லது அதே லைனில் இருக்கும் வேறு சாதனத்தில். எதுவானாலும் அதற்கு மேல் ஏற்றி ஏற்றிப் பார்க்காதீர்கள்.

கதவு சுவிட்ச்தான் பலரை ஏமாற்றுவது. கதவோரம் இருக்கும் அந்தச் சின்னப் பொத்தான் உள்ளே அமுங்கியபடியே சிக்கிக்கொண்டால், கதவைத் திறந்தாலும் லைட் எரியாது. அந்த நேரம் பார்த்து தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை நிறுத்தியிருந்தால் சத்தமும் இருக்காது, ஆள் செத்தமாதிரியே தெரியும். விரலால் நாலைந்து தடவை அமுக்கி விட்டுப் பாருங்கள், தானாக வெளியே துள்ளி வர வேண்டும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் இன்னொன்று: கதவைத் திறந்தால் உள் ஃபேன் பெரும்பாலும் நின்றுவிடும், அதனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சத்தம் கேட்காதீர்கள். மூடிவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பின்பக்கம் அடியில் காதை வைத்துக் கேளுங்கள்.