மம்மலில் தடுமாறும் கண்: கரட்டோடு காத்திருக்க வேண்டாம்

"மிஸ், இவன் பகலில பனை உச்சியில இருக்கிற காகத்தையும் காட்டுவான். மம்மலாகினா படலையடியில கட்டியிருக்கிற மாட்டில போய் முட்டுறான்."

வடமராட்சிப் பக்கமிருந்து பத்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்த தாய் சொன்னது இது. கண் கிளினிக்கில் தாதியாக வேலை செய்த காலத்தில் இந்த முறைப்பாட்டைப் பல வாயால் கேட்டிருக்கிறேன். அந்தப் பெடியனுக்கு இரண்டு வருடமாக வீட்டு வைத்தியம் நடந்திருந்தது. காலையில் கரட் சாறு, மத்தியானம் பொன்னாங்காணி, இரவில் மீனெண்ணெய்க் குளிசை. நடுவில் ஒருநாள் கண்ணாடிக் கடையில் எழுத்து அட்டையை வாசிக்க வைத்திருக்கிறார்கள். கடைசி வரிக்கு முந்திய வரி வரைக்கும் வாசித்துவிட்டான். "கண் நல்லாயிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதே மாதத்தில் ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்றும் வந்தது. அதன் அம்மம்மா மாலைக்கண் என்று சொல்லவில்லை. "இருட்டுக்குப் பயம், பொழுதுபட்டா விறாந்தையை விட்டு இறங்காது" என்றுதான் சொன்னார். இந்த இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் தவறுகள் அநேகமாக எல்லாமே தெரிந்துவிடும்.

பெண்பிள்ளைக்கு நடந்தது, பார்வைக் குறையைப் பயம் என்று எடுத்துக்கொண்ட தவறு. சின்னப் பிள்ளைக்குத் தனக்குத் தெரிவது குறைவு என்று தெரியாது. எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் பிள்ளையிடம் "கண் தெரியுதா" என்று கேட்டுப் பயனில்லை. பார்த்துத்தான் அறிய வேண்டும். பொழுது சாயும்போது லைற் போடாமல், அதே வயதுப் பிள்ளை ஒன்றோடு சேர்த்து முற்றத்தில் விடுங்கள். வெளிச்சத்திலிருந்து வந்தால் யாருடைய கண்ணும் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும். ஆகவே கால் மணித்தியாலம் பொறுத்து, செருப்பை எடுத்துவரச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளை நேரே போய் எடுக்க, இது கையால் நிலத்தைத் துழாவினால் அது பயமல்ல. பகலில் ஓடி விளையாடும் பிள்ளை மம்மலில் மட்டும் சுவரைப் பிடித்து நடப்பதும், கோப்பையில் சோற்றைத் தடவித் தேடுவதும் அதே அடையாளங்கள்தான்.

அந்தப் பிள்ளையைக் கிளினிக்கில் மூக்குப் பக்கம் பார்க்கச் சொன்னபோது, வெள்ளை விழியில் காதுப் பக்கமாக, கருவிழி ஓரத்துக்குக் கிட்ட, சவர்க்கார நுரை காய்ந்து ஒட்டினது போல ஒரு சின்னத் திட்டு இருந்தது. சாம்பல் கலந்த வெள்ளை நிறம், முக்கோண வடிவம். மற்றக் கண்ணிலும் அதே இடத்தில் அதே மாதிரி. அதைச் சுற்றியிருந்த வெள்ளை விழியில் ஈர மினுக்கம் இல்லை. பிற்றோ திட்டு என்று இதைச் சொல்வார்கள். விற்றமின் ஏ தீர்ந்துபோனதைக் கண் வெளியில் காட்டும் அடையாளம் இது. வெயிலில் வேலை செய்யும் பெரியவர்களின் கண்ணில் வரும் மஞ்சள் தடிப்பு வேறு. அது வழுவழுப்பாக இருக்கும், நுரை போல இருக்காது.

விசாரித்தபோது சாப்பாட்டுக் கதை வந்தது. இரண்டு வருடமாக வெள்ளைச் சோறு, பாண், பிஸ்கற் தவிர எதையும் பிள்ளை வாயில் வைக்கவில்லை. மீன் மணத்துக்கே ஓங்காளிக்கும். அதற்கு மேல் மூன்று கிழமை வயிற்றோட்டம். குழந்தைக் கிளினிக்கில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிற விற்றமின் ஏ ஈரலில் சேமிப்பாக இருந்து சில மாதங்களுக்குத்தான் தாங்கும். அதைக் கடைசியாகக் கொடுத்த திகதி கிளினிக் புத்தகத்தில் இருக்கும். இப்படியான முறைப்பாட்டோடு போகும்போது அந்தப் புத்தகத்தையும் கையோடு கொண்டு போங்கள்.

இங்கேதான் கரட்டை நம்பிக் காத்திருக்கும் தவறு ஆபத்தாகிறது. கரட்டிலும் கீரையிலும் பப்பாப்பழத்திலும் பனங்களியிலும் இருப்பது விற்றமின் ஏ அல்ல, உடம்பு அதை ஆக்கிக்கொள்வதற்கான மூலப்பொருள். சாப்பாட்டிலிருந்து ஒரு பங்கு விற்றமின் ஏ கிடைக்க ஏறக்குறைய பன்னிரண்டு பங்கு பீற்றா கரோட்டீன் வேண்டும். கொழுப்பு இல்லாமல் அது குடலில் உறிஞ்சப்படுவதும் குறைவு. கீரையைத் தேங்காய்ப்பாலில் சமைக்கிற நம் வழக்கம் அதற்கு நல்லதுதான். ஆனால் அது நாளாந்தத் தேவைக்கு. சேமிப்பு முழுவதும் வறண்டுபோன பிள்ளைக்கு அந்த வேகம் போதாது. வறட்சி வெள்ளை விழியிலிருந்து கருவிழிக்கு ஏறினால், சில நாட்களுக்குள்ளேயே கருவிழி கரைந்து பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடும். சின்னமுத்து வந்தால் உள்ள கொஞ்ச இருப்பும் வேகமாகத் தீரும்.

அதனால் வைத்தியர் இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. காய்ச்சலோ தொற்றோ இருந்தால் இரத்தத்தில் விற்றமின் ஏ அளவு தானாகவே இறங்கும் என்பதால், அந்த முடிவை மட்டும் வைத்து ஒன்றும் தீர்மானிக்கவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி, ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 2,00,000 அலகு அன்றைக்கே, மறுநாள் இன்னொன்று, இரண்டு கிழமை கழித்து மூன்றாவது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இதைவிடக் குறைவு. இது வைத்தியர் கையால் கொடுக்க வேண்டிய அளவு. வீட்டில் மீனெண்ணெய்க் குளிசையை எண்ணிக் கொடுத்து இதற்கு ஈடு செய்யப் பார்க்கக் கூடாது.

மூன்றாம் நாள் அம்மம்மா சொன்னார்: "நேற்றுப் பின்னேரம் தானாவே கிணத்தடிக்குப் போட்டுது, மிஸ்." விற்றமின் ஏ குறைவால் வந்த மாலைக்கண் இப்படித்தான், சரியான மருந்து போனால் ஓரிரு நாளிலேயே விலகத் தொடங்கும். நுரைத் திட்டு மறையக் கூடுதல் நாள் செல்லும், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். திட்டு இருக்கிறதே என்று மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கக் கூடாது. பார்க்க வேண்டியது பிள்ளையின் நடமாட்டத்தை.

இந்த வேகம்தான் பெடியனுடைய கதையைப் பிரித்துக் காட்டுகிறது. இரண்டு வருடக் கரட்டும் மீனெண்ணெயும் அவனுக்கு இம்மியும் உதவவில்லை. நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை, வெள்ளை விழி பளிச்சென்று ஈரமாக இருந்தது, திட்டு இல்லை. அவனிடம் விற்றமின் குறைவு என்று நினைக்க ஒரு காரணமும் இருக்கவில்லை. மாலைக்கண் என்ற சொல்லைக் கேட்டதும் விற்றமின் ஏ என்ற சொல் நம் எல்லாருக்கும் நாக்கில் வந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தது அப்படி. ஆனால் மாலைக்கண் ஒரு நோயின் பெயர் அல்ல, பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி.

கைவிளக்கை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் இல்லாவிட்டாலும் மங்கும், திரி கருகினாலும் மங்கும், சிமினியில் புகை படிந்தாலும் மங்கும். விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கென்று கோல் வடிவ உயிரணுக்கள் உண்டு. அவை வேலை செய்ய வேண்டிய நிறப்பொருளுக்கு விற்றமின் ஏ வேண்டும், அதுதான் எண்ணெய். பெண்பிள்ளைக்கு அது தீர்ந்திருந்தது. பெடியனுக்கோ அந்தக் கோல் உயிரணுக்களே ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன. திரி கருகும்போது எண்ணெய் ஊற்றி என்ன பயன்?

எழுத்து அட்டை ஏமாற்றியதற்கும் காரணம் அதுதான். அட்டையை வாசிப்பது விழித்திரையின் நடுப்பகுதி, அங்கே இருப்பவை பகல் வெளிச்சத்துக்கான கூம்பு உயிரணுக்கள். கோல் உயிரணுக்கள் நடுவை விட்டு விலகிச் சுற்றிவர இருக்கின்றன. அதனால் அவை அழியும்போது இருட்டுப் பார்வையோடு பக்கப் பார்வையும் போகும், நேர்ப் பார்வை வருடக்கணக்கில் நன்றாகவே நிற்கும். வைத்தியர் அவனுக்கு முன்னால் இருந்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, விரலை ஆட்டியபடி காதுப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்தார். மற்றவர்களுக்கு உடனே தெரியும் இடத்தில் அவனுக்குத் தெரியவில்லை, விரல் வெகுதூரம் முன்னுக்கு வந்த பிறகுதான் "இப்ப தெரியுது" என்றான். பந்து பிடிக்கும்போது பக்கத்தில் வருவதைத் தவறவிடுகிறான் என்று தாய்க்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது விழித்திரை ஓரத்தில் கறுப்புச் சிதறல்கள் இருந்தன. இந்த நோயின் தொடக்கத்தில் அதுகூட இல்லாமல் இருக்கலாம். அப்போது விழித்திரையின் மின் துடிப்பை அளக்கும் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

இது பரம்பரையாக வருவது. தாயும் தகப்பனும் மச்சான் மச்சாள் முறை. சொந்தத்துக்குள் கலியாணம் செய்கிற குடும்பங்களில் இது வர வாய்ப்புக் கூடும், ஏனென்றால் இருவரிடமும் மறைந்திருக்கிற ஒரே பழுது பிள்ளையில் சேரலாம். "உங்கட பக்கம், எங்கட பக்கம்" என்று வீட்டில் வழக்காடுவது வீண். இப்படி மறைந்து வரும் வகை, இருவரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளைக்கு வரும்.

பெரியவர்களில் நிலைமை வேறு. ஐம்பது, அறுபது வயதில் மம்மலுக்கு மோட்டார் சைக்கிள் ஓட முடியவில்லை என்றால், முதலில் நினைக்க வேண்டியது சிமினிப் புகையைத்தான், அதாவது கண்புரையை. எதிரே வருகிற லைற் சிதறிக் கூசுகிறது என்பார்கள். இளவயதில் என்றால் சரியான கண்ணாடி போடாத கிட்டப்பார்வை. வெளிச்சம் குறைய கண்மணி விரியும், மங்கலும் கூடும். நீரிழிவுக்காக விழித்திரைக்கு லேசர் அடித்தவர்களுக்கும் இருட்டுப் பார்வை குறையலாம். உண்மையாகவே விற்றமின் ஏ குறைகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பழுது கோப்பையில் அல்ல, உடம்புக்குள். குடியால் ஈரல் சுருங்கியவர், பித்தக் குழாய் அடைபட்டவர், குடலில் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டவர். எவ்வளவு சாப்பிட்டாலும் கொழுப்போடு சேர வேண்டியது சேராது அல்லது சேமிக்கப்படாது. மம்மலில் தெரியவில்லை என்று வருபவரிடம் மலம் எண்ணெய்ப் பசையாக மிதக்கிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா என்று வைத்தியர் கேட்பது இதனால்தான். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

கர்ப்பிணிகளைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். கடைசி மாதங்களில் சிலருக்கு மாலைக்கண் வரும். அதற்காகப் பிள்ளைக்குக் கொடுக்கிற பெரிய அளவை இவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. வயிற்றுப் பிள்ளையின் உருவாக்கத்தையே அது பாதிக்கலாம், முதல் மூன்று மாதத்தில் இன்னும் மோசம். நாளுக்கு 10,000 அலகு போல சிறு அளவில், வைத்தியர் சொன்னபடி மட்டும். மீனெண்ணெயும் வேறு விற்றமின் குளிசையும் ஏற்கெனவே எடுத்தால் அதையும் சொல்லுங்கள், கூட்டுத்தொகைதான் கணக்கு.

பெடியனுக்கு அழிந்த உயிரணுக்களைத் திருப்பிக் கொடுக்கும் குளிசை இல்லை. கரட் சாறு நின்றது. அவனுக்குப் பின்னேர வகுப்பைக் காலைக்கு மாற்றினார்கள், புத்தகப் பையில் எப்போதும் ஒரு ரோர்ச், படலையிலிருந்து வாசல்படி வரை ஓரத்துக் கல்லுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. மாடு இப்போது பின்வளவில். அடுத்த கிளினிக்குக்கு அவனுடைய ஐந்து வயதுத் தங்கச்சியையும் தாய் கூட்டிக்கொண்டு வந்தார், அவளுக்கு எந்த முறைப்பாடும் இல்லாதபோதே.