மூன்றடுக்குப் பாவாடை: சுருக்கு சமமாக விழ

சுங்கை சிப்புட்டில் தீபாவளிக்கு ஒரு பிள்ளைக்குத் தைத்த காட்டன் பாவாடை இடுப்பில் நிற்காமல் கீழே இழுத்தது. அடுக்குக்கு அடுக்கு இரண்டு மடங்கு வைத்ததுதான் தவறு. 43 அங்குலம் 86 ஆகி, கடைசி அடுக்கு 172 ஆகிவிட்டது. அவ்வளவு துணியின் கனத்தை எலாஸ்டிக் தாங்காது. அடித்தையலில் சுருக்கு கட்டிகட்டியாகக் குவிந்தும் நின்றது.

பிரித்து, ஒன்றரை மடங்காக மாற்றினேன். இடுப்பின் கீழ்ச்சுற்று 38. ஐந்து அங்குலம் தளர்வு சேர்த்து மேலடுக்கு 43. நடுவடுக்கு 64, கீழடுக்கு 96. இவை தைத்து முடித்த சுற்றளவு. ஒட்டு வரும் இடத்திலெல்லாம் ஓர் அங்குலம் கூட்டி வெட்டுங்கள். மெல்லிய ஜார்ஜெட் என்றால் இரண்டு மடங்கும் தாங்கும், காட்டனுக்கு வேண்டாம்.

உயரத்தை 10, 12, 14 என்று கீழே போகப் போகக் கூட்டினால்தான் பார்வைக்குச் சரியாக இருக்கும்.

சுருக்கு ஒரே பக்கம் ஒதுங்காமலிருக்க, இரு விளிம்பையும் எட்டாகப் பிரித்துச் சுண்ணாம்புக் கட்டியால் குறியிடுங்கள். நடுவடுக்கில் ஒரு பங்கு 8 அங்குலம், கீழடுக்கில் 12. குறியோடு குறி ஊசி குத்தி, நீளத் தையல் இரண்டு வரிசை ஓட்டிய நூலை இழுத்து, 12 அங்குலத்தை அந்த 8-க்குள்ளேயே அடக்குங்கள். பக்க ஒட்டுகளைக் குறியாக நம்பவேண்டாம். துண்டுகள் ஒரே அளவில் இல்லாததால் அவை நேருக்கு நேர் வராது.