ஜெர்மனியில் படுக்கை விரிப்பு விற்கும்போது விவரணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரூரில் நெய்த பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். "கிங் சைஸ் பெட்ஷீட், இரண்டு தலையணை உறைகளுடன், உங்கள் கனவு அறைக்கு ராஜ அழகு" என்று நம் ஆன்லைன் கடையில் எழுதியிருக்கிறோம். இதை அப்படியே ஜெர்மன் மொழியில் மாற்றினால் இலக்கணம் சரியாக இருந்தாலும் விற்ற பொருள் திரும்பி வரும்.

பெரும்பாலோர் முதலில் சறுக்குவது தேடுசொல்லில்தான். ஆட்கள் அதிகம் தேடுகிறார்கள் என்று `Bettwäsche` என்ற சொல்லைத் தலைப்பில் போட்டுவிடுவார்கள். ஆனால் ஜெர்மன்காரர் அந்தச் சொல்லைத் தட்டும்போது தேடுவது பஞ்சுப் போர்வைக்கான உறையும் தலையணை உறையும் சேர்ந்த செட். மெத்தைமேல் விரிப்பது `Bettlaken`. ஓரத்தில் எலாஸ்டிக் இருந்தால் `Spannbettlaken`. அகராதி இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டாது. அந்த ஊர்க் கடையொன்றின் தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டி, முதல் பக்கத்தில் வரும் படங்களைப் பாருங்கள். உங்கள் பொருளைப் போன்றவை அங்கே இல்லையென்றால், எத்தனை பேர் தேடினாலும் அது உங்கள் சொல் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே பொருளைத் திருப்பலாம். தவறான சொல் இழுத்து வந்த கூட்டம் அந்த வழியாகவே வெளியேறும்.

அடுத்தது அளவு. "கிங் சைஸ்" அங்கே உதவாது, சென்டிமீட்டர் வேண்டும். தலையணை உறையில் சிக்கல் இன்னும் பெரிது. நம்முடையது 17 × 27 அங்குலம், அதாவது ஏறக்குறைய 43 × 69 செ.மீ. ஜெர்மன் தலையணையின் வழக்கமான அளவு 80 × 80. எவ்வளவு அழகாக எழுதினாலும் அந்த உறை இந்தத் தலையணைக்குள் போகாது. விரிப்பைத் தனியாக விற்பதுதான் நேர்மை.

தொனிக்கு வருவோம். "ராஜ அழகு", "கனவு அறை" போன்ற சொற்களை வைத்து அங்கே ஒரு துணியை எடைபோட முடியாது. நெசவு என்ன, எத்தனை டிகிரியில் துவைக்கலாம் என்று சொல்லுங்கள். படுக்கைத் துணியை 60 டிகிரியில் துவைக்கும் வீடுகள் அங்கே நிறைய. உங்கள் சாயம் 30 டிகிரிக்கு மேல் தாங்காது என்றால் அதைக் கண்ணில் படும் இடத்திலேயே எழுதுங்கள். துணியில் உள்ள இழையின் வகையையும் விழுக்காட்டையும் ஜெர்மன் மொழியிலேயே தர வேண்டும், அது சட்டம்.

வாடிக்கையாளரை மரியாதையாக `Sie` என்றும் அழைக்கலாம், நெருக்கமாக `du` என்றும் அழைக்கலாம். இளைஞர்களுக்கான கடைகள் பல `du` என்றே எழுதுகின்றன. இரண்டையும் கலப்பதுதான் தவறு. ஒரே பக்கத்தில் "நீ"யும் "நீங்கள்"உம் மாறி மாறி வந்தால் நமக்கு எப்படி உறுத்துமோ, அப்படித்தான் அவர்களுக்கும்.

இத்தனையும் பார்த்தபின் தலைப்பு இப்படிச் சுருங்கும்:

```
Bettlaken aus 100 % Baumwolle, 270 x 270 cm, ohne Gummizug
```

பருத்தி விரிப்பு, இன்ன அளவு, எலாஸ்டிக் இல்லை. ஆஸ்திரியாவுக்கும் விற்பதானால், அங்கே புழங்கும் `Leintuch` என்ற சொல்லை விவரணைக்குள் ஒரு வாக்கியத்தில் இயல்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். தலைப்பில் அடுக்க வேண்டாம்.