ஜெராக்ஸ் கடைக்கு எத்தனை பண்டல் பேப்பர், எப்போ ஆர்டர் போடணும்: ஈஓக்யூவும் ரீஆர்டர் லெவலும்

தென்காசி பக்கம் எங்க சித்தப்பா ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு, அதோட கணக்கு நோட்டு என் கையிலதான் இருக்கு. அங்க ஓடுற முக்கியமான சரக்கு ஏ4 பேப்பர், 75 ஜிஎஸ்எம், ஒரு பண்டல்ல 500 ஷீட். வாரம் ஏறக்குறைய ஒரே அளவுதான் போகும். மதுரை டீலர்கிட்ட போன்ல சொன்னா பார்சல் லாரியில வந்துரும், பத்துப் பண்டல் ஒரு பெட்டி. ரெண்டே கேள்விதான்: ஒரு தடவைக்கு எத்தனை பண்டல் சொல்றது, கையில எத்தனை மிச்சம் இருக்கும்போது போன் போடுறது. முதல் கேள்விக்கு பதில் ஈஓக்யூ, அதாவது எகனாமிக் ஆர்டர் குவான்டிட்டி, ரெண்டாவதுக்கு ரீஆர்டர் லெவல். ரெண்டும் தனித்தனி கணக்கு, இதை முதல்லயே மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா நிறைய பேர் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

முதல்ல நோட்டைப் பாருங்க

12 வாரமா எத்தனை பண்டல் பிரிச்சோம்னு எழுதி வச்சிருந்தேன்: 18, 21, 20, 19, 22, 20, 17, 26, 19, 20, 18, 20. கூட்டுனா 240, வாரத்துக்கு சராசரி 20. அந்த 26 வந்த வாரம் பக்கத்து ஸ்கூல்ல ரிவிஷன் டெஸ்ட், கொஸ்டின் பேப்பர் பூராவும் நம்ம கடையிலதான் அடிச்சாங்க. அதைத் தூக்கிப் போட்டுறாதீங்க, பின்னாடி தேவைப்படும்.

வருஷத்துக்கு 20 × 52 = 1040 பண்டல். பின்னாடி வர்ற ஃபார்முலாவுல இதுதான் D.

ஒரு ஆர்டருக்கு என்ன செலவு?

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. பத்துப் பண்டல் வாங்கினாலும் நூறு பண்டல் வாங்கினாலும் மாறாத செலவை மட்டும்தான் இதுல எடுக்கணும். எங்களுக்கு லாரி ஆபீஸ்ல இருந்து கடைக்கு லோடு ஆட்டோ ஒரு ட்ரிப் 150, இறக்குற பையனுக்கு 50, லாரி ஆபீஸ்ல பில்லுக்கு 40, சரக்கை எண்ணி சரிபார்த்து அடுக்குற வரைக்கும் ஒரு மணி நேரம் மெஷின்ல ஆள் இல்லாததுக்கு ஒரு 60. மொத்தம் 300 ரூபாய். இது S.

லாரி வாடகை பெட்டிக்கு இவ்வளவுன்னு வாங்குறாங்களே, அதை ஏன் சேர்க்கலைன்னு கேப்பீங்க. வருஷத்துக்கு 104 பெட்டி எப்படியும் வரத்தான் போகுது, பத்துத் தடவையா வந்தாலும் அம்பது தடவையா வந்தாலும் அந்த வாடகை அதேதான், அதனால அது பேப்பர் விலையோட போய்ச் சேரும். வாடகையும் சேர்த்து ஒரு பண்டல் கடைக்கு வந்து சேர 250 ரூபாய் ஆகுது.

வச்சிருக்கிறதுக்கு என்ன செலவு?

ஒரு பண்டல் ஒரு வருஷம் பூரா ரேக்லயே இருந்தா நமக்கு எவ்வளவு போகும்? சித்தப்பா சரக்குப் பணத்துக்கு நகைக்கடன் வச்சிருக்காரு, வருஷத்துக்கு 12 சதவீதம், 250க்கு அது 30 ரூபாய். பேப்பர் வைக்கிற ரேக்ல 150 பண்டல் பிடிக்கும், அந்த இடத்துல நோட்டு பேனா அடுக்கி வித்தா மாசம் 150 ரூபாயாவது நிக்கும், அப்போ வருஷத்துக்கு 1800ஐ 150ஆல வகுத்தா பண்டலுக்கு 12. மூணாவது சேதாரம். இதைச் சின்னதா நினைக்காதீங்க. ஐப்பசி மழையில வெளிச்சுவர் ஓரமா இருந்த பண்டலைப் பிரிச்சுப் பாருங்க, மேல நாலு விரல்கடை ஷீட் ஓரத்துல அலை அலையா வளைஞ்சிருக்கும், தொட்டா சிலுசிலுன்னு இருக்கும், மெஷின்ல வச்சா ரெண்டு ரெண்டா இழுத்து ஜாம் ஆகும். அப்படிப் போறதும் எலி கடிச்சதும் சேர்த்து பண்டலுக்கு ஒரு 8 ரூபாய் போட்டேன், அதாவது நூறு பண்டல் வருஷம் பூரா கிடந்தா மூணு பண்டல் வீண். ஆக 30 + 12 + 8 = 50. இது H.

உங்க கடையில ரேக் சும்மாதான் கிடக்குது, வேற எதுவும் வைக்கப் போறதில்லைன்னா அந்த 12ஐ எடுத்துருங்க. சொந்தப் பணத்துல வாங்குறவங்க வட்டியே இல்லைன்னு விட்டுறக் கூடாது, அந்தப் பணம் வேற எங்க இருந்தா என்ன வருமோ அதைப் போடணும்.

ஈஓக்யூ

இந்த ஃபார்முலாவை 1913ல அமெரிக்க இன்ஜினியர் ஃபோர்டு ஹாரிஸ் எழுதினாரு, இன்னைக்கும் அதேதான்:

```
EOQ = √(2 × D × S ÷ H)
    = √(2 × 1040 × 300 ÷ 50)
    = √12480
    = 111.7
```

எக்ஸெல்ல B1ல D, B2ல S, B3ல H போட்டுட்டு இதை டைப் பண்ணுங்க:

```
=SQRT(2*B1*B2/B3)
```

111.7 பண்டல்னு யாரும் தர மாட்டாங்க, பெட்டி பெட்டியாதான் வரும், அதனால 110, அதாவது 11 பெட்டி. எடை ஏறக்குறைய 257 கிலோ, லோடு ஆட்டோவுக்கு ஒரே ட்ரிப். அஞ்சரை வாரத்துக்கு ஒரு ஆர்டர்.

விடை சரிதானான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. ஈஓக்யூ அளவுல வருஷ ஆர்டர் செலவும் வருஷ ஸ்டாக் செலவும் ஏறக்குறைய சமமா வரணும். 1040ஐ 110ஆல வகுத்து 300ஆல பெருக்கினா 2836. ஸ்டாக் 110ல இருந்து சுழி வரை ஒரே சீரா இறங்குறதால சராசரியா 55 பண்டல் கிடக்கும், 55 × 50 = 2750. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கா, சரி. நான் முதல் தடவை D இடத்துல வாரக் கணக்கு 20ஐப் போட்டுட்டு H மட்டும் வருஷக் கணக்குல விட்டுட்டேன், 15 பண்டல்னு வந்துச்சு, ஆனா 15 பண்டலுக்கு வருஷ ஆர்டர் செலவு 20,800, ஸ்டாக் செலவு வெறும் 375, அப்பதான் எங்கேயோ இடிக்குதுன்னு தெரிஞ்சது. ரெண்டும் வருஷமா இருக்கணும், இல்லைன்னா ரெண்டும் வாரமா இருக்கணும்.

இன்னொண்ணு, இந்த 110ஐ வேதவாக்கா எடுத்துக்க வேணாம். 110க்கு மொத்தச் செலவு வருஷத்துக்கு 5586. 80 பண்டலா வாங்கினா 5900, 150ஆ வாங்கினா 5830, வித்தியாசம் சுமார் 300 ரூபாய்க்குள்ளதான், அதனால S, H ரெண்டையும் கொஞ்சம் முன்ன பின்ன மதிப்பு போட்டாலும் பெருசா அடி விழாது. அடி விழுறது ரொம்ப ஓரத்துக்குப் போனாதான். சித்தப்பா முன்னாடி வாரா வாரம் ரெண்டு பெட்டி எடுத்துட்டு இருந்தாரு, அதுக்குக் கணக்கு போட்டா 16,100. பத்தாயிரத்துக்கு மேல லோடு ஆட்டோவுக்கும் கூலிக்குமே போயிருக்கு.

டீலர் ஆஃபர் சொன்னாலும் இதே மாதிரி மொத்தச் செலவைப் போட்டுப் பாருங்க. 200 பண்டலா எடுத்தா பண்டலுக்கு 5 ரூபாய் கம்மின்னு சொன்னாரு. விலையில வருஷத்துக்கு 5200 மிச்சம், மத்த செலவு 5586ல இருந்து 6560 ஆகுது, 974தான் கூட, அப்போ கையில 4200 சொச்சம் நிக்குது. ரேக்ல 150தானே பிடிக்கும், மீதியை வைக்க ஈரம் ஏறாத இடம் இருந்தா வாங்கலாம், மழைக்காலத்துல மட்டும் வேண்டாம். ஆனா 400 எடுத்தா 2 ரூபாய் கம்மின்னு சொன்னா வேண்டவே வேண்டாம், 2080 மிச்சம் பிடிக்கப் போய் 5194 கூடச் செலவாகும்.

எப்போ போன் போடணும்?

இதுக்கு ஈஓக்யூ உதவாது. போன் போட்ட நாள்ல இருந்து சரக்கு ரேக்ல ஏறுற நாள் வரைக்கும் எத்தனை நாள், அந்த நாள்ல எத்தனை பண்டல் ஓடும், இதுதான் கணக்கு. டீலர்கிட்ட கேட்டா "நாலு நாள்ல வந்துரும்ணே"ன்னுதான் சொல்வாரு, அதை எடுக்காதீங்க. எங்க நோட்டுல கடைசி ஆறு ஆர்டர் 8, 10, 9, 15, 10, 8 நாள், சராசரி 10. ஞாயித்துக்கிழமையும் சேர்த்து எண்ணின நாள் இது, அதனால வாரத்தை 7ஆல வகுக்கணும். சரக்கு வர்ற நாளை லீவு நாளும் சேர்த்து எண்ணிட்டு விற்பனையை மட்டும் 6 நாளா வகுத்தா கணக்கு கோணிக்கும்.

சராசரிக்கு: 20 × 10 ÷ 7 = 28.6, அதாவது 29 பண்டல். 29 இருக்கும்போது போன் போட்டா, எல்லாம் சராசரியா நடந்தா, கடைசிப் பண்டல் தீரும்போது லாரி வரும். ஆனா சராசரியை விட அதிகமா ஓடுற தடவையும் வருமே, அப்பல்லாம் பேப்பர் இல்லாம மெஷின் சும்மா நிக்கும். அதனால மோசமான நிலையைப் பாருங்க: வாரம் 26 ஓடி, லாரி 15 நாள் கழிச்சு வந்தா?

```
=ROUNDUP(26*15/7,0)
```

56 வரும். பெட்டிக் கணக்குக்கு 60ன்னு வச்சுக்கிட்டேன். 60ல 29 போக மீதி 31 சேஃப்டி ஸ்டாக். அது வருஷம் பூரா ரேக்ல கிடக்கிறதுக்கு 31 × 50 = 1550 ரூபாய் ஆகும், அந்தச் செலவு இல்லாம வராது. ரெண்டு மோசமும் ஒரே நேரத்துல வர்றது அபூர்வம்தான், அதனால 45, 50ல நிறுத்துறவங்களும் உண்டு. பேப்பர் தீர்ந்தா பக்கத்துக் கடையில கொஞ்சம் கூட விலை குடுத்தாவது வாங்கிக்கலாம்னா 50 போதும். எங்க தெருவுல அப்படிக் கடை இல்லை.

இருப்பு தினமும் எண்ண சித்தப்பாவுக்கு நேரம் கிடையாது. ரேக்ல கீழ் ரெண்டு தட்டுலயும் சேர்த்து ஆறு பெட்டி தனியா வச்சு, அதுக்கு மேல சிவப்பு டேப் ஒட்டிட்டேன். டேப்புக்கு மேல இருக்கிறது தீர்ந்து அந்த ஆறுல முதல் பெட்டியைப் பிரிக்கப் போற நாள் அன்னைக்கே போன். புதுச் சரக்கு வந்ததும் பழைய பெட்டிகளை முன்னாடி இழுத்துட்டு புதுசைப் பின்னாடி வைக்கணும், இல்லைன்னா அந்த ஆறு பெட்டியும் அங்கேயே கிடந்து ஈரம் குடிச்சுரும்.

"ஏலே, ஜூன் மாசம் இந்த டேப்பு பத்தாதுல்லா?"ன்னு சித்தப்பா கேட்டாரு. பத்தாதுதான். ஸ்கூல் காலேஜ் அட்மிஷன் நேரத்துல வாரக் கணக்கு 20லயே நிக்காது, ஒரே சீரா ஓடுதுன்னு நம்பித்தான் இந்த ரெண்டு கணக்கும் நிக்குது. அதனால மே கடைசியில போன வருஷ ஜூன் நோட்டை எடுத்து, அந்த வாரங்களோட உச்ச எண்ணை 26 இருந்த இடத்துல போட்டு, டேப்பை மேல் தட்டுக்கு ஏத்திருவோம், ஆடி பொறந்ததும் திரும்பக் கீழ இறக்கிருவோம்.