பார்ன்–ஹேபர் சுற்று: MgCl₂ வரையும்போது எங்கே தவறுகிறது

படிகக்கூடு ஆற்றலை ஆய்வகத்தில் நேரடியாக அளக்க வழியில்லை. வாயு நிலையில் இருக்கும் அயனிகளைச் சேர்த்துத் திண்மமாக்கி, அதில் வெளியாகும் வெப்பத்தைக் கலோரிமீட்டரில் பிடிக்க முடியாது. அதனால்தான் மாக்ஸ் பார்னும் ஃபிரிட்ஸ் ஹேபரும் 1919-இல் ஹெஸ் விதியை வைத்துச் சுற்றுவழி ஒன்றைக் காட்டினார்கள். தனிமங்களிலிருந்து நேராகத் திண்மத்துக்குப் போனாலும், அணு, அயனி என்று படிப்படியாகப் போனாலும் மொத்த என்தால்பி மாற்றம் ஒன்றுதான்.

NaCl-க்கு இந்தச் சுற்றை வரைவதில் பெரும்பாலும் யாரும் தடுமாறுவதில்லை. அதில் எல்லாமே ஒன்று ஒன்றாக இருப்பதுதான் காரணம். தவறுகள் வெளியே வருவது MgCl₂-இல். அதையே எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கிலோ ஜூல்/மோல்; புத்தகத்துக்குப் புத்தகம் ஓரிரு அலகுகள் மாறலாம்.

தனிமங்கள் இருக்கும் கோட்டைப் பூச்சியம் என்று வைத்து, ஒவ்வொரு படியிலும் எந்த உயரத்தில் நிற்கிறோம் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போங்கள்:

```
Mg(s) + Cl2(g)                   0
Mg(g) + Cl2(g)                 148   (+148)
Mg+(g) + e- + Cl2(g)           886   (+738)
Mg2+(g) + 2e- + Cl2(g)        2337   (+1451)
Mg2+(g) + 2e- + 2Cl(g)        2579   (+242)
Mg2+(g) + 2Cl-(g)             1881   (2 × -349)
MgCl2(s)                      -641
```

கடைசிக் கோடான −641, உருவாதல் என்தால்பி. 1881-இலிருந்து −641 வரை இறங்கும் அம்புதான் நாம் தேடும் படிகக்கூடு ஆற்றல்: −641 − 1881 = −2522.

அதிகம் பேர் சறுக்கும் இடம் குளோரின். 242 என்பது ஒரு மோல் Cl–Cl பிணைப்பை உடைக்கத் தேவையான ஆற்றல். உடைந்ததும் இரண்டு மோல் Cl அணு கிடைத்துவிடுகிறது. நமக்கு வேண்டியதும் இரண்டுதான், ஆகவே 242-ஐ அப்படியே போட வேண்டும். "குளோரின் இரண்டு இருக்கிறதே" என்று 484 போட்டால் விடை −2764 ஆகிவிடும். ஆனால் கேள்வித்தாளில் அணுவாக்கல் என்தால்பி 121 என்று கொடுத்திருந்தால், அது ஒரு மோல் அணுவுக்கான அளவு. அதைக் கட்டாயம் இரண்டால் பெருக்க வேண்டும். NaCl பழக்கத்தில் 121-ஐ ஒரு தடவை மட்டும் போட்டால் −2401 வரும். எண்ணைப் பார்க்கும் முன் அதன் பெயரைப் படியுங்கள்.

எலக்ட்ரான் நாட்டமோ எப்போதும் ஒரு மோல் அணுவுக்கு உரியது. இங்கே இரண்டு Cl⁻ உருவாகின்றன, எனவே 2 × −349. ஒரு தடவை மட்டும் போட்டால் −2871. சில புத்தகங்கள் வெளியாகும் ஆற்றலை +349 என்று நேர்க்குறியோடு அச்சிடுகின்றன. அதை அப்படியே கூட்டினால் விடை −3918-க்குப் போய்விடும். குறியை நம்பாமல் நடப்பதை யோசியுங்கள்: குளோரின் எலக்ட்ரானை ஏற்கும்போது ஆற்றல் வெளியாகிறது, எனவே அம்பு கீழ்நோக்கித்தான்.

மெக்னீசியத்தில் வரும் தவறு வேறு. 1451 என்பது Mg⁺-இலிருந்து Mg²⁺-க்குப் போகும் படி மட்டுமே. இரண்டு எலக்ட்ரானுக்கும் சேர்த்த மொத்தம் அல்ல. 738-ஐ விட்டுவிட்டால் −1784 வரும். 738-ஐ இரட்டிப்பதும் தவறுதான், ஏனென்றால் இரண்டாவது எலக்ட்ரானை நேர்மின் சுமையுள்ள அயனியிலிருந்து பிடுங்குகிறோம்.

இந்தத் தவறுகளில் பாதி, கோட்டின் மேல் முழுமையாக எழுதாததால் வருபவை. (s), (g) குறிகளையும் 2e⁻ என்பதையும் விட்டுவிட்டால், எந்தப் படியில் எத்தனை அணு, எத்தனை எலக்ட்ரான் என்ற கணக்கு கண்ணில் படாது. எந்தக் கோட்டை எடுத்தாலும் ஒரு Mg, இரண்டு Cl, மொத்த மின்சுமை பூச்சியம். இது பொருந்தவில்லை என்றால் அங்கேயே நின்று திருத்துங்கள்.

அப்புறம், வரையறை. அயனிகள் சேர்ந்து திண்மமாவதைப் படிகக்கூடு ஆற்றல் என்று சொல்லும் புத்தகத்தில் விடை −2522. திண்மத்தைப் பிரித்து வாயு அயனிகளாக்குவதைச் சொல்லும் புத்தகத்தில் +2522. இரண்டும் சரி, ஆனால் அம்பு ஒரு திசையிலும் குறி வேறு திசையிலும் இருந்தால் தவறு.

MgO வரைபவர்களுக்கு இன்னொரு படி கூடுதல். ஆக்சிஜன் அணு முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது −141, அம்பு இறங்கும். இரண்டாவது எலக்ட்ரான் ஏற்கெனவே எதிர்மின் சுமையுள்ள O⁻-க்குள் போக வேண்டும். விலக்கு விசையை மீறித்தான் அது போகும், அதனால் அந்த அம்பு மேலே ஏறும், முதல் அம்பு இறங்கிய அளவைவிடப் பல மடங்கு. "எலக்ட்ரான் நாட்டம் என்றாலே கீழே" என்று இரண்டையும் இறக்கி வரைந்தால், மற்ற எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் விடை வராது.