கடைசி 20 நொடியில் நாம் செய்யும் தவறுகள்

சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவது எப்படி என்று ஒருவர் 6 நிமிட வீடியோ போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விளக்கம் தெளிவாக இருக்கிறது, கை வேலையும் சுத்தம். முடிவு மட்டும் இப்படி:

“அவ்வளவுதான் நண்பர்களே! வீடியோ பிடிச்சிருந்தா மறக்காம லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, சப்ஸ்கிரைப் பண்ணி பக்கத்துல இருக்கிற பெல் பட்டனையும் தட்டிடுங்க. உங்க ஆதரவு இருந்தாதான் எங்களால தொடர்ந்து வீடியோ போட முடியும்.”

இதில் முதல் தவறு, முதல் சொல்லே. “அவ்வளவுதான்” என்று கேட்டதும் பார்ப்பவரின் விரல் திரைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு என்ன கேட்டாலும் கேட்க ஆள் இருக்காது. யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் எவ்வளவு நேரம் தங்கினார்கள் என்று காட்டும் வரைபடம் இருக்கிறதல்லவா, அதில் கடைசிப் பகுதியைப் பாருங்கள். விடைபெறும் வாக்கியம் தொடங்கும் இடத்தில் கோடு செங்குத்தாகச் சரிந்தால் காரணம் இதுதான்.

இரண்டாவது, ஒரே மூச்சில் நான்கு வேலை சொல்வது. நான்கில் எதையாவது செய்வார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் கேட்பவர் காதில் அது ஒரு பழகிப்போன இரைச்சலாகத்தான் விழுகிறது. “மறக்காம”, “கண்டிப்பா” போன்ற சொற்கள் அந்த இரைச்சலுக்கு அதட்டல் தொனியையும் கொடுத்துவிடுகின்றன. ஒரு வீடியோவுக்கு ஒரு வேண்டுகோள் போதும்.

எனக்கு மிகவும் உறுத்துவது கடைசி வாக்கியம். ஒட்டுப் போடக் கற்றுக்கொள்ள வந்தவர் தலையில் நம் சேனலின் பிழைப்பை ஏற்றுகிறோம். “பார்க்கிறவங்கள்ல பாதிப் பேர் இன்னும் சப்ஸ்கிரைப் பண்ணல” என்று குறைப்படுவதும் இதே வகைதான். வேண்டுகோளின் பயன் யாருக்கு என்று பாருங்கள். பயன் முழுக்க நமக்கே என்றால் எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் அது நச்சரிப்பாகவே கேட்கும்.

சரி, அதே முடிவை மாற்றி எழுதலாம். ஒட்டுப் போட்டு முடித்தவருக்கு அடுத்து என்ன சிக்கல் வரும்? அதே இடத்தில் மறுபடி பஞ்சர் ஆகலாம். அங்கிருந்து தொடங்குவோம்:

“இப்ப டியூபைத் தண்ணில முக்கிப் பாருங்க, குமிழி வரலைன்னா ஒட்டு நல்லா பிடிச்சிருக்கு. ரெண்டு மூணு நாள்ல அதே இடத்துல மறுபடி காத்து இறங்கினா, டயருக்குள்ள முள்ளோ கம்பித் துண்டோ மாட்டியிருக்கலாம். அதை விரல்ல குத்திக்காம, ஒரு துணியை வச்சே கண்டுபிடிக்கிறதை இந்த வீடியோல காட்டியிருக்கேன்.”

“முடிந்தது” என்ற அறிவிப்பு எங்கும் இல்லை. கடைசிக் குறிப்பும் வேண்டுகோளும் ஒரே பேச்சாக ஓடுகின்றன. சொல்லி முடித்ததும் நிறுத்திவிட வேண்டும். “ஓகே, பை, அடுத்த வீடியோல சந்திப்போம்” என்று மேலும் இழுப்பது நாலாவது தவறு.

திரையில் இதை ஒட்டிச் செய்ய வேண்டியதும் உண்டு. யூடியூபின் இறுதித் திரை, அதாவது கடைசியில் வரும் வீடியோ பெட்டிகள், 5 முதல் 20 நொடி வரைதான் நிற்கும். வழக்கமான அகலத் திரை வீடியோவில் 4 பெட்டி வரை வைக்கலாம். இங்கே ஒன்றே போதும். “சமீபத்தில் பதிவேற்றியது” என்று விட்டுவிட்டால் நாம் முள்ளைப் பற்றிப் பேசும்போது பெட்டியில் வேறு ஏதோ வீடியோ நிற்கும். அதனால் குறிப்பிட்ட அந்த வீடியோவையே தேர்ந்தெடுங்கள். “இந்த வீடியோல” என்ற சொல் வரும்போது பெட்டி ஏற்கெனவே திரையில் இருக்க வேண்டும். பெட்டிக்கு இடம் விட்டு, முகம் மறையாதபடி ஓரமாக நின்று படம்பிடியுங்கள். அப்புறம், கையால் சுட்டிக்காட்டுபவர்கள் கவனிக்க: உங்கள் இடது கை பார்ப்பவருக்கு வலப்பக்கம். முன்பக்கக் கேமராவில் படம்பிடிக்கும்போது கண்ணாடி போலத் தெரிவதை நம்பி எதிர்ப்பக்கம் காட்டியவர்கள் நிறையப் பேர், நானும் ஒருவன்.

சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லவே கூடாதா? சொல்லலாம், காரணத்தோடு. “அடுத்த வாரம் பிரேக் கட்டை மாத்துறதைக் காட்டப் போறேன், அது வேணும்னா சப்ஸ்கிரைப் பண்ணி வச்சுக்கோங்க” என்றால் வேண்டாதவர் நிம்மதியாக விலகலாம். ஆனால் சொன்ன வீடியோ உண்மையிலேயே வர வேண்டும். கமெண்ட்தான் வேண்டும் என்றால் “உங்க கருத்தைச் சொல்லுங்க” என்று பொதுவாக விடாமல், “உங்களுக்கு அடிக்கடி பஞ்சர் ஆகிறது முன் சக்கரமா, பின் சக்கரமா?” என்று ஒரு சொல்லில் பதில் சொல்லும்படி கேளுங்கள்.

இவ்வளவு செய்தாலும் இந்த வகை வீடியோவில் பலர் முடிவுக்கு முன்பே போய்விடுவார்கள். கையில் டியூபோடு வந்தவர், ஒட்டுப் போடத் தெரிந்ததும் போனை வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். அவரை நிறுத்தி வைக்க நடுவிலேயே சப்ஸ்கிரைப் பேச்சைத் திணித்தால், இருப்பவர்களும் எரிச்சலடைவார்கள்.